முற்றில் நிறுத்துங்கள், எச்சத்தில் நிறுத்தாதீர்கள்

கேள்வி: "தமிழ் தெரியாத ஒரு குழுவின் முன் அடுத்த மாதம் தமிழில் பேச வேண்டியிருக்கிறது. எனக்குக் கொடுத்திருப்பது மொத்தம் 20 நிமிடம். பக்கத்தில் ஒருவர் நின்று ஆங்கிலத்தில் சொல்வார். எத்தனை வாக்கியத்துக்கு ஒருமுறை நான் நிறுத்த வேண்டும்? ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தினால் அவருக்கு எளிதாக இருக்கும் அல்லவா?"

எளிதாக இருக்காது. கேட்பதற்கு அப்படித் தோன்றும் என்பது உண்மைதான். பேச்சாளர்களின் பக்கத்தில் நின்று இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நிறுத்தாமல் பேசுகிறவரால் எனக்குப் பெரிய துன்பம் இல்லை; மெல்லக் கையை உயர்த்தினால் அவர் நின்றுவிடுவார். நிறுத்தக் கூடாத இடத்தில் அக்கறையோடு நிறுத்திவிட்டு, "ம், சொல்லுங்கள்" என்று என் முகத்தைப் பார்க்கிறவரிடம்தான் தடுமாறிப்போவேன். எனவே எத்தனை வாக்கியம் என்பதைப் பிறகு பார்க்கலாம். எங்கே நிறுத்துவது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

ஒரு மருத்துவக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேச்சாளர் நல்ல பேச்சாளர். இடைவெளி விட்டுப் பேசத் தெரிந்தவர். கூட்டத்தைப் பார்த்து, "இந்த மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை" என்றார். நிறுத்தினார். குரல் இறங்கியிருந்தது, என் பக்கம் திரும்பவும் செய்தார். அவருடைய கருத்து என்று எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள். அவர் தொடர்ந்தார்: "என்று நினைத்து, பாதியிலேயே நிறுத்திவிடுகிறவர்களைத்தான் நான் வாரம்தோறும் பார்க்கிறேன்." நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, "மன்னிக்கவும், அது நோயாளிகளின் எண்ணம்" என்று திருத்திச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். குறித்துக்கொண்டவர்கள் அதை அடித்துவிட்டார்களா என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் செய்தது மேடைக்கு ஏற்ற நல்ல உத்திதான். தமிழ் மட்டும் தெரிந்த கூட்டத்தில் அந்த இடைவெளிக்குக் கைதட்டல்கூடக் கிடைத்திருக்கும்.

இது தமிழின் அமைப்பிலிருந்து வரும் சிக்கல். நம் மொழியில் ஒரு வாக்கியத்தின் பூட்டைத் திறக்கும் சாவி கடைசியில்தான் இருக்கிறது. சொன்னது தன் கருத்தா பிறர் கருத்தா என்பதை "என்று" வந்து தீர்மானிக்கிறது. நடந்ததா நடக்கவில்லையா என்பதைக் கடைசி வினைச்சொல் தீர்மானிக்கிறது. "அவர் கொடுத்த அறிக்கையை முழுமையாக ஏற்றுக்கொள்ள" என்பதுவரை கேட்டவருக்கு, பின்னால் வரப்போவது "முடிந்தது" என்பதா "முடியவில்லை" என்பதா என்று தெரியாது. ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்தே வினை வந்தாக வேண்டும். மறுப்பும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே உங்கள் கடைசிச் சொல் கிடைக்கும்வரை உரைபெயர்ப்பவரால் தன் வாக்கியத்தின் இரண்டாவது சொல்லைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

பள்ளி இலக்கணத்தில் முற்று, எச்சம் என்று படித்திருப்பீர்கள். நிறுத்துவதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. "செய்தோம்", "கிடைக்கவில்லை", "வேண்டும்" என்று முற்றில் முடிந்தால் நிறுத்தலாம். "செய்து", "செய்தபோது", "செய்தால்", "செய்த", "செய்வதற்காக" என்று எச்சமாகவோ தொங்கலாகவோ நின்றால், மூச்சு வாங்கிக்கொள்ளலாமே தவிர நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்கும்போது குரலை இறக்காமல், பார்வையை அவர் பக்கம் திருப்பாமல் இருங்கள். இன்னும் முடியவில்லை என்பதை அவர் புரிந்துகொள்வார்.

முற்று வந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. நான் மேலே சொன்ன மருத்துவர் நிறுத்தியதும் "இல்லை" என்ற முற்றில்தான். பிடிக்க வேண்டியது கருத்து முடியும் இடத்தை. "இந்தத் திட்டத்தை முதல் ஆண்டிலேயே கைவிட்டோம்" என்பது முழு வாக்கியம். அடுத்து "ஆனால் கைவிட்டதாக யாரிடமும் சொல்லவில்லை" என்று வந்தால், முதல் வாக்கியத்தின் தொனியே வேறாகிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் அந்தக் குறும்பை ஆங்கிலத்தில் கொண்டுவர முயல்வார். ஒன்றை மட்டும் கேட்டவர் தகவலாகச் சொல்லி முடித்திருப்பார். மறுப்பதற்காக எடுத்துச் சொல்லும் கருத்து, "ஆனால்" தொடரப்போகும் ஒப்புதல், விடையை நீங்களே சொல்லப்போகும் கேள்வி, இந்த மூன்றையும் தம் மறுபாதியோடு ஒரே துண்டில் வையுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தும் பழக்கம் கெடுப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

சரி, நீளம். இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். பயிற்சி பெற்றவர்கள் நீளமான பேச்சைக் குறிப்பெடுத்து உரைபெயர்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களின் உரைபெயர்ப்பாளர் தேர்வில் ஏறத்தாழ 6 நிமிடப் பேச்சை இடைநிறுத்தம் இல்லாமல் கேட்டு, பிறகு முழுவதையும் சொல்ல வேண்டும். அவர்கள் எடுக்கும் குறிப்பில் சொற்கள் குறைவாகவே இருக்கும்; கருத்துக்கு ஒரு குறி, ஒரு கருத்து முடிந்ததும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. அப்படிப்பட்டவர் உங்களுக்கு வாய்த்தால் ஒன்று முதல் இரண்டு நிமிடம் தாராளமாகப் பேசலாம். ஒரு முழு விளக்கம் முடிந்த பிறகே நிறுத்துவதைத்தான் அவரும் விரும்புவார். ஆனால் இத்தகைய கூட்டங்களில் பெரும்பாலும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த அலுவலக நண்பர் ஒருவரைத்தான் நிறுத்துவார்கள். அவர் கையில் நோட்டு இருக்காது. அவருக்கு 10 முதல் 15 விநாடி, அதாவது இரண்டு அல்லது மூன்று சிறிய வாக்கியங்கள் என்பது என் கணக்கு.

இந்த 10, 15 என்ற எண்கள் மேடையில் நின்று பழகியதால் வந்தவை. ஆய்வுக்கூடத்தில் வந்தவை அல்ல. ஒரே நேரத்தில் நினைவில் எத்தனை நிற்கும் என்பது பற்றி 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் சொன்ன "ஏழு" என்ற எண்ணையும், 2001-இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை "நான்கு" அளவுக்குக் குறைத்ததையும் காட்டி, பேச்சை இத்தனை விநாடியில் வெட்ட வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த எண்கள் எளிய, ஒன்றோடொன்று தொடர்பில்லாத எண்களையும் சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்வது பற்றியவை. தொடர்ச்சியாகப் புரிந்துகொண்டு கேட்கும் பேச்சில் மனம் அதைவிட எவ்வளவோ அதிகம் தாங்கும். அதே நேரத்தில், தொடர்பில்லாத பெயர்களையும் எண்களையும் அடுக்கினால் நாம் எல்லோரும் அந்த நான்குக்கே இறங்கிவிடுகிறோம். உரைபெயர்க்கப்படும் பேச்சுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 சொல் என்ற அறிவுரையையும் இப்படித்தான் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஆங்கிலம் போன்ற மொழிகளுக்குப் போட்ட கணக்கு. "வரமுடியாதவர்களுக்காகத்தான்" என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் ஏழெட்டு. சொல்லை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

இனி ஒரு பத்தியை வெட்டிப் பார்ப்போம். தண்ணீர் வடிகட்டும் அமைப்பு ஒன்றைப் பற்றி எழுதி வைத்துக்கொண்ட உரை என்று வைத்துக்கொள்ளுங்கள். "கடந்த 2 ஆண்டுகளாக 3 இடங்களில் நாங்கள் நடத்திய சோதனையில், மழைக்காலத்தில் மட்டுமே வண்டல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும் என்று தொடக்கத்தில் நாங்கள் நம்பிய மணல் வடிகட்டிகள், கோடையிலும் வெயிலில் பாசி படர்வதால் அதே அளவுக்கு அடைத்துக்கொள்வதைக் கண்டபின், அவற்றை 6 மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்ற பழைய விதியை இனியும் பின்பற்ற முடியாது என்ற முடிவுக்கு வந்தோம்." எழுத்தில் இதைக் குறை சொல்ல மாட்டேன். நிதானமாக வாசித்தால் அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடமும் பக்கத்தில் நிற்பவருக்கு நிறுத்தத் தகுந்த முற்று ஒன்றுகூடக் கிடைக்காது. "அடைத்துக்கொள்ளும்", "போதும்", "முடியாது" என்ற முற்றுகளை அடுத்து வரும் "என்று", "என்ற" பிடித்துக்கொள்கின்றன. வாக்கியத்தை முடிக்கும் ஒரே முற்றான "வந்தோம்" கடைசியில் வருகிறது. நடுவில் எங்கே நிறுத்தினாலும் பயனில்லை. "நம்பிய மணல் வடிகட்டிகள்" என்ற இடத்தில் நிறுத்தினால், அவர் கையில் எழுவாய் இருக்கும், அதன் வினை இருக்காது.

இதை நான் இப்படி மாற்றித் தரச் சொல்வேன். முதல் துண்டு: "மணல் வடிகட்டிகளை 6 மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்பது பழைய விதி. அந்த விதியை நாங்கள் கைவிட்டுவிட்டோம். காரணத்தைச் சொல்கிறேன்." இங்கே நிறுத்தம். இரண்டாவது: "2 ஆண்டுகள், 3 இடங்களில் சோதித்தோம். மழைக்காலத்தில் மட்டுமே வண்டல் சேர்ந்து அடைக்கும் என்று தொடக்கத்தில் நம்பினோம். அந்த நம்பிக்கை தவறாகப் போனது." நிறுத்தம். மூன்றாவது: "கோடையிலும் வடிகட்டிகள் அதே அளவுக்கு அடைத்துக்கொண்டன. கோடையில் காரணம் வேறு. வெயிலில் பாசி படர்கிறது." நிறுத்தம்.

சொற்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. மாறியிருப்பது வரிசை. எழுத்தில் கடைசியாக வந்த முடிவு, பேச்சில் முதலில் வந்துவிட்டது. பேச்சு எங்கே போகிறது என்று உரைபெயர்ப்பவருக்கு இப்போது தெரியும். "காரணத்தைச் சொல்கிறேன்" என்ற சிறு வாக்கியம் வெறும் அலங்காரம் இல்லை. அது இருப்பதால் அவர் தன் முதல் துண்டை முடிக்கும்போது குரலைத் திறந்த நிலையில் விட்டுவைப்பார், கேட்பவர்களும் காத்திருப்பார்கள். இரண்டாவது துண்டில் நம்பியதும் அது தவறியதும் ஒன்றாகவே இருக்கின்றன. "நம்பினோம்" என்ற இடத்தில் நிறுத்தலாம் என்று கை துறுதுறுக்கும், அங்கும் முற்றுதானே என்று தோன்றும். அங்கே நிறுத்தினால் மருத்துவர் கதைதான். மூன்றாவது துண்டில் "அது" என்று தொடங்கியிருக்கலாம், ஆனால் எது என்ற குழப்பம் வரும். ஒவ்வொரு துண்டும் கூடியவரை தன் காலில் நிற்கட்டும். முந்தைய துண்டிலிருந்த பெயரை மறுபடியும் சொல்வதில் தவறில்லை.

எழுவாயை விடுவதும் நம் வழக்கம்தான். "அனுப்பினோம். பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டார்." யார் கேட்டார்? நமக்குச் சூழல் சொல்லிவிடும். ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டும், அதுவும் ஆணா பெண்ணா என்று தெரிந்த ஆள் வேண்டும். "அவர்" என்பதில் அது தெரியாது. எனவே ஒருவரைப் பற்றிய முதல் துண்டிலேயே "இயக்குநராக இருந்த அம்மையார்" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். நான்காவது துண்டில்தான் அவர் பெண் என்று தெரிந்து, அதுவரை ஆணாகச் சொல்லி வந்ததை மாற்றிக்கொண்ட அனுபவம் எனக்கு ஒருமுறைக்கு மேல் உண்டு. பெருமையோடு சொல்லவில்லை.

எண்களைப் பற்றி ஒன்று மட்டும். லட்சமும் கோடியும் ஆங்கிலத்தில் மில்லியனாக மாற வேண்டும். "3 கோடியே 40 லட்சம்" என்பது 34 மில்லியன். இடம் மாற்றிப் போடும் இந்தக் கணக்கை, பேச்சைக் கேட்டுக்கொண்டே செய்யும்போதுதான் பூஜ்யங்கள் தவறிப்போகும். பெரிய எண் வரும் துண்டில் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து, உடனே நிறுத்திவிடுங்கள். மூன்றுக்கு மேல் எண்களோ பெயர்களோ வருமானால், அவற்றை எழுதி முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிடுவதே நியாயம்.

நேரத்தைக் கணக்கிட்டால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் கிடைக்கும். நீங்கள் பேசுவதற்கு 9 நிமிடம், அவருக்கு 9 நிமிடம் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் பேச்சு உங்களிடமிருந்து அவரிடம் போய்த் திரும்பி வர, ஒரு பக்கத்துக்கு ஒரு விநாடியாக 2 விநாடி வீணாகும். 15 விநாடித் துண்டுகள் என்றால் 36 துண்டு, வீணாவது 72 விநாடி. மொத்தம் 20 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். 5 விநாடிக்கு ஒரு வாக்கியமாக நிறுத்தினால் 108 துண்டு, வீணாவது மூன்றரை நிமிடத்துக்கு மேல். நேரமும் தாண்டும், கூட்டமும் பந்தாட்டம் பார்ப்பதுபோல் தலையை இருபக்கமும் திருப்பிக்கொண்டிருக்கும். எனவே 20 நிமிடத்துக்கு எழுதாதீர்கள். 9 நிமிடத்துக்கு எழுதுங்கள். எழுதிய தாளில் நிறுத்த வேண்டிய முற்றுகளுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு கோடு போட்டு, ஒரு பிரதியை அவருக்கும் கொடுங்கள். முந்தைய நாள் முதல் 5 துண்டுகளையாவது இருவரும் நின்றுகொண்டு பேசிப் பாருங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது தெரியாத நீளம், நின்று பேசும்போது தெரிந்துவிடும்.

மேடையில் சரியாகப் போகிறதா என்பதை, உங்களுக்கு ஆங்கிலம் சரளமாகத் தெரியாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் நீங்கள் சொன்ன பெயரும் எண்ணும் அவர் வாயிலிருந்து வருகின்றனவா என்று மட்டும் கேளுங்கள். வரவில்லை என்றால் துண்டு நீளமாகிவிட்டது, அடுத்ததைப் பாதியாக்குங்கள். நீங்கள் அரை நிமிடம் பேசியதற்கு அவர் 8 விநாடியில் முடித்தால், சாரத்தை மட்டும் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொன்னதைவிட அவர் நீளமாகப் பேசினால், சொல் கிடைக்காமல் சுற்றி வருகிறார் அல்லது உங்களுக்காக விளக்கம் சேர்க்கிறார். அந்தத் துண்டில் ஏதோ ஒரு சொல் அவருக்குப் புதிது. "அவர் என்ன சொல்கிறார் என்றால்" என்ற பாணியில் அவர் திடீரென்று உங்களைப் படர்க்கையில் பேசத் தொடங்கினால், உங்கள் கருத்தோடு தன்னை இணைத்துச் சொல்ல அவருக்குத் தயக்கம் வந்துவிட்டது. பெரும்பாலும் புரியாததால் வரும் தயக்கம் அது. அப்போது அதே கருத்தை வேறு சொற்களில், இன்னும் சிறிதாக மறுபடி சொல்லுங்கள். "சரியாகச் சொன்னீர்களா?" என்று மேடையில் கேட்காதீர்கள், மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

பேச்சு சூடுபிடிக்கும்போது எல்லோருக்கும் துண்டு நீளும். 12 விநாடியில் தொடங்கியவர் பத்தாவது நிமிடத்தில் 40 விநாடிக்குப் போவதைக் கூட்டத்துக்குக் கூட்டம் பார்க்கிறேன். அதற்கு அறிவுரை பயன்படாது, ஏற்பாடுதான் பயன்படும். அவர் ஒரு அடி உங்கள் பக்கம் நெருங்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் நெருங்கியதும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடாமல், அடுத்த முற்றுவரை போய் நில்லுங்கள்.

இவை எல்லாம் நீங்கள் நிறுத்த, அவர் பேசும் முறைக்கு மட்டும். கண்ணாடி அறையில் உட்கார்ந்து காதொலிக் கருவி வழியாக உடனுக்குடன் பேசுகிறவர்களுக்கு உங்கள் நிறுத்தங்கள் தேவையில்லை. அங்கே முற்று சீக்கிரம் வருவதும் சீரான வேகமும்தான் முக்கியம். கேள்வி நேரத்தில் திசை திரும்பும். ஆங்கிலத்தில் கேட்கிறவர் கருத்தை முதலில் சொல்லிவிட்டு நிபந்தனையைப் பின்னால் சேர்ப்பார். தமிழில் அந்த நிபந்தனை முன்னால் வர வேண்டும். அதனால் அவரையும் கேள்வியை முழுவதும் முடிக்கவிடுங்கள். பாதி கேட்டதுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பதிலைத் தொடங்கிவிடாதீர்கள்.

நகைச்சுவை சொல்வதாக இருந்தால், அதைப் பாதியில் வெட்ட வேண்டாம். நீளமானாலும் ஒரே துண்டு. முதல் நாளே அவரிடம் சொல்லி, ஆங்கிலத்தில் அது எடுபடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்களும் சிலர் இருந்தால், அவர்கள் நீங்கள் சொன்னதும் சிரிப்பார்கள், மற்றவர்கள் அவர் சொன்ன பிறகு சிரிப்பார்கள். முதல் சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருப்பார். இரண்டாவது சிரிப்பு அடங்கும்வரை நீங்கள் காத்திருங்கள்.